ரிவ்யூ தூக்கப்படாமல் இருக்க, போடும் முன் இதை வெட்டுங்கள்

கூகுள் மேப்ஸில் ஒரு ஏசி சர்வீஸ் கடையைப் பற்றிக் கோபத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள்: "மெக்கானிக் பெயர் இது, நம்பர் இது, கேஸ் நிரப்பாமலே 2,500 ரூபாய் திருடிட்டான்."

முதலில் பெயரும் நம்பரும் போகட்டும், "வந்த மெக்கானிக்" போதும். அப்புறம் அந்த "திருடிட்டான்". கடைக்காரர் புகார் கொடுக்க நீங்களே எடுத்துக் கொடுக்கும் சொல் அது. அதை நீக்கிவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "கேஸ் நிரப்பியதாக 2,500 ரூபாய் வாங்கினார்கள், மூன்றாம் நாளே குளிர்ச்சி இல்லை, வேறு மெக்கானிக் பிரஷர் பார்த்தபோது கேஸ் குறைவாக இருந்தது, கூப்பிட்டும் திரும்ப வரவில்லை." திட்டுவதைவிட இதுதான் உறைக்கும்.

பில் படம் போட்டால் அதிலுள்ள முகவரி, நம்பரையும் மறையுங்கள், எழுத்தைத் திருத்துகிறவர்கள் பலரும் படத்தை மறந்துவிடுகிறார்கள்.