விளம்பரத்தால் வந்த விற்பனை எத்தனை நாள் நிற்கும்? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலும் திருவண்ணாமலையிலும் கிளை வைத்திருக்கும் ஒரு காலணிக் கடையை எடுத்துக்கொள்வோம். ஆம்பூரிலிருந்து சரக்கு வருகிறது. வேலூர் கிளைக்கு மட்டும் பேருந்துப் பலகை, உள்ளூர் கேபிள், நாளிதழ் என்று 20 லட்சம் ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறார்கள். ஓராண்டில் அந்தக் கிளையின் விற்பனை 2 கோடியிலிருந்து 2.6 கோடியாக உயர்கிறது. "20 லட்சம் போட்டோம், 60 லட்சம் வந்தது" என்று முதலாளி மகிழ்கிறார். இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு, கூடிய விற்பனை முழுவதையும் விளம்பரத்தின் பெயரில் எழுதுவது. விளம்பரமே செய்யாத திருவண்ணாமலைக் கிளையிலும் அதே ஆண்டில் விற்பனை 10 சதவீதம் கூடியிருக்கிறது. விலை உயர்ந்திருக்கலாம், தீபாவளி வியாபாரம் நன்றாக இருந்திருக்கலாம். அப்படியானால் வேலூரிலும் 20 லட்சம் தானாகவே கூடியிருக்கும். விளம்பரம் கொண்டுவந்தது மீதி 40 லட்சம்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊரை விளம்பரம் இல்லாமல் விட்டுவைத்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது. அந்த ஊர் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். குடியாத்தத்தை ஒதுக்கி வைத்தால் பயனில்லை. அங்குள்ளவர்கள் வேலூர் வந்து போகும்போது பலகையைப் பார்த்துவிடுவார்கள்.

இரண்டாவது, விற்பனையையே வரவாக எண்ணுவது. கொள்முதல் விலையும் விற்பனையோடு சேர்ந்து கூடும் செலவுகளும் போக நூற்றுக்கு 30 ரூபாய் மிஞ்சுகிறது என்று கொண்டால், 40 லட்சத்தில் கையில் நிற்பது 12 லட்சம்.

இப்போது முதலாளியின் முகம் மாறும்: போட்டது 20, வந்தது 12, ஆகவே நட்டம். இதுவும் அவசர முடிவுதான். கணக்குப் பதிவு விதிப்படி விளம்பரச் செலவு முழுவதும் செய்த ஆண்டிலேயே எழுதப்படுகிறது. அதனால் ஓராண்டு லாப நட்டக் கணக்கைப் பார்ப்பவருக்கு அது எப்போதும் பெரும் சுமையாகவே தெரியும். ஆனால் பலகையைப் பார்த்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த ஆண்டும் வருவார்கள். எத்தனை பேர் என்பதுதான் இந்த முதலீட்டின் உயிர்நாடி. இதை ஊகித்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பலர் "இதே 12 லட்சம் நான்கு ஆண்டும் வரும்" என்று போட்டுவிடுகிறார்கள். அப்படி வராது, கரையும். கூடுதல் விற்பனை ஆண்டுக்கு ஆண்டு பாதியாகிறது என்று வையுங்கள்: 12, 6, 3, 1.5 லட்சம். கூட்டினால் 22.5, லாபம் போலத் தோன்றும். ஆனால் பின்னால் வரும் பணத்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக் கணக்கில், ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.12 ஆல் வகுத்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 18.6 லட்சம்தான். போட்ட 20 தேறவில்லை.

பெரும்பாலும் மறந்துபோகிற இன்னொன்று, கூடுதல் விற்பனைக்குக் கூடுதல் சரக்கு வேண்டும் என்பது. விற்பனையில் 15 சதவீதம் என்றால் தொடக்கத்திலேயே 6 லட்சம் முடங்கும். விற்பனை தேயத் தேய அது திரும்பி வந்துவிடும் என்றாலும், காத்திருப்பதில் இன்றைய மதிப்பில் சுமார் 1.1 லட்சம் போய்விடும். ஆக மொத்தக் குறை சுமார் 2.5 லட்சம். வரியை எளிமைக்காக விட்டிருக்கிறேன்.

பாதிக்குப் பதிலாக ஆண்டுதோறும் 70 சதவீதம் நிலைத்தால்? அதே விளம்பரம், அதே செலவு, சரக்குச் சுமையும் போக சுமார் 2.8 லட்சம் மிச்சம். லாபமும் நட்டமும் பிரியும் எல்லை ஏறக்குறைய 60 சதவீதத்தில் இருக்கிறது. எனவே விவாதத்தை "விளம்பரம் நல்லதா" என்பதிலிருந்து "நூற்றுக்கு அறுபது நிற்குமா" என்பதற்கு மாற்றுங்கள். அதற்கு விடை தேட வழி உண்டு.

பில் போடும்போது கைபேசி எண் வாங்கும் கடைகளில் அந்த வழி ஏற்கெனவே மேசையில் இருக்கிறது. விளம்பரம் ஓடிய மாதங்களில் முதன்முறையாக வந்த எண்களைத் தனியே எடுங்கள். அவற்றில் எத்தனை அடுத்த ஆண்டு மீண்டும் வந்தன, எவ்வளவுக்கு வாங்கின என்று பாருங்கள். விளம்பரம் இல்லாத மாதங்களில் புதிதாக வந்தவர்களின் கணக்கோடு ஒப்பிடுங்கள். தள்ளுபடி விளம்பரத்துக்கு வந்தவர்கள் பொதுவாக வேகமாக நழுவுவார்கள். அவர்களைக் கலக்காமல் வேறாக எண்ணுங்கள். பொங்கலுக்கு வாங்க இருந்தவர் தள்ளுபடிக்காகத் தீபாவளிக்கே வாங்கியிருந்தால், அடுத்த சில மாத விற்பனை வழக்கத்தைவிடக் குறையும். அந்தக் குறைவையும் கழிக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு விற்பனை தேய்வதைக் கண்டு நினைவூட்டலாக இன்னும் 5 லட்சத்துக்கு விளம்பரம் செய்தால், அது புதிய முதலீடு. அதன் செலவையும் அது கூட்டிய விற்பனையையும் தனியே எழுதுங்கள். அந்த விற்பனையைப் பழைய 20 லட்சத்தின் வரவில் சேர்த்துவிட்டால், முதல் விளம்பரம் கரையவே இல்லை என்ற பொய்த் தோற்றம் வந்துவிடும்.

பில் எண்கள் பாதிதான் நிற்கிறது என்று காட்டினாலும் விளம்பரத்தைக் கைவிட வேண்டியதில்லை. அந்த நிலையில் அதன் மதிப்பு சுமார் 17.5 லட்சம். விளம்பர நிறுவனத்தோடு பேரம் பேச உட்காரும்போது அதுவே நீங்கள் தாண்டக் கூடாத தொகை.