என்ஐபிடி ரிப்போர்ட்டில் ‘ஹை சான்ஸ்’ என்று வந்திருக்கிறதா? வரிவரியாகப் படித்துப் பார்ப்போம்

அம்மாவின் கையில் எடுக்கும் ஒரு குழாய் ரத்தத்தை வைத்து, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்புண்டா என்று சொல்லும் பரிசோதனைதான் என்ஐபிடி. பத்து வாரம் முடிந்த பிறகு எடுப்பார்கள். ரிப்போர்ட் பெரும்பாலும் போனில் பிடிஎஃப் ஆக வரும். டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கும். அந்த இரண்டு நாள் தூக்கம் போவதற்குப் பாதிக் காரணம், அதிலுள்ள சொற்களுக்கு என்ன பொருள் என்று தெரியாததுதான்.

விளக்கத்துக்காக நானே எழுதிய ஒரு மாதிரி இது. அம்மாவுக்கு 27 வயது, ஒற்றைக் குழந்தை, 12 வாரம்.

```
Fetal fraction : 9%
Trisomy 21     : HIGH CHANCE
Trisomy 18     : LOW CHANCE
Trisomy 13     : LOW CHANCE
```

சில லேப்கள் ‘சான்ஸ்’ என்பதற்குப் பதில் ‘ரிஸ்க்’ என்று போடும். பொருள் ஒன்றுதான்.

படி 1: மேலே உள்ள விவரங்களைச் சரிபாருங்கள்

முடிவைப் பார்ப்பதற்கு முன்னால் வயது, வாரக் கணக்கு, ஒற்றையா இரட்டையா என்ற மூன்றையும் பாருங்கள். ஆரம்ப ஸ்கேனில் இரண்டு கரு தெரிந்து, பிறகு ஒன்று கரைந்துபோயிருந்தால் அதை லேப்புக்குச் சொன்னீர்களா என்று யோசியுங்கள். கரைந்துபோன கருவின் டிஎன்ஏ சில வாரங்கள் வரை ரத்தத்தில் தங்கி, இருக்கிற குழந்தையின் கணக்கைக் குழப்பிவிடும்.

ஆணா பெண்ணா என்ற வரி இந்தியாவில் கிடைக்கும் ரிப்போர்ட்டில் இருக்காது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்லத் தடை விதித்திருக்கிறது. தேட வேண்டாம்.

படி 2: ஃபீட்டல் ஃப்ராக்‌ஷன்

ரத்தத்தில் மிதக்கும் துண்டு டிஎன்ஏவில் பெரும்பகுதி அம்மாவுடையது. கர்ப்பத்தால் வந்த பங்கு எவ்வளவு என்பதே இந்த எண். நம் மாதிரியில் 9%, அது போதும். பல லேப்கள் 4 சதவீதத்துக்குக் கீழே போனால் முடிவு சொல்லாது. வாரம் குறைவாக இருந்தாலோ, அம்மாவின் எடை கூடுதலாக இருந்தாலோ இது குறையும். அப்போது ‘ரிசல்ட் இல்லை’ என்று வரும். அதை ‘லோ சான்ஸ்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 18-ஆம் அல்லது 13-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் டிரைசோமி 18, 13 கர்ப்பங்களிலும் இந்தப் பங்கு குறைவாக இருப்பதுண்டு. மறுபடி ரத்தம் கொடுப்பதா, வேறு வழியா என்று டாக்டரிடம் பேச வேண்டிய முடிவு அது.

படி 3: ‘ஹை சான்ஸ்’ என்ற வரி

டிரைசோமி 21 என்றால் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பது. அதுதான் டவுன் சிண்ட்ரோம். லேப் என்ன செய்கிறது? துண்டுகளை எண்ணுகிறது. 21-ஆம் குரோமோசோமிலிருந்து வர வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக வந்திருந்தால் ‘ஹை’. அவ்வளவுதான். குழந்தையின் ஒரு செல்லைக்கூட யாரும் பார்க்கவில்லை.

‘இந்த டெஸ்ட் 99% சரியாகச் சொல்லும்’ என்ற விளம்பர வரிதான் இங்கே ஆளைக் கவிழ்க்கும். அப்படியென்றால் என் குழந்தைக்கு 99% டவுன் சிண்ட்ரோம் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். அது தப்புக் கணக்கு. பாதிப்புள்ள நூறு கர்ப்பங்களில் 99-ஐ டெஸ்ட் பிடித்துவிடும் என்பதே அந்த எண்ணின் பொருள். நமக்கு வேண்டியது தலைகீழான கேள்வி: ‘ஹை’ வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே பாதிப்பு?

ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். ஏறத்தாழ 27 வயதுள்ள 10,000 கர்ப்பிணிகள். இந்த வயதில் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு சுமார் ஆயிரத்தில் ஒன்று. ஆக 10 பேருக்குப் பாதிப்பு, அந்தப் பத்தையும் டெஸ்ட் பிடித்துவிடுகிறது என்றே வைப்போம். மீதி 9,990 பேர். இவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாக ‘ஹை’ வந்தாலும் சுமார் 10 பேர். மொத்தம் 20 பேர் கையில் ஒரே மாதிரி ரிப்போர்ட். உண்மையான பாதிப்பு அதில் 10 பேருக்குத்தான், அதாவது பாதிக்குப் பாதி.

இதே கணக்கை 40 வயதுக்குப் போடுங்கள். வாய்ப்பு சுமார் நூற்றில் ஒன்று. 100 பேருக்குப் பாதிப்பு, 99 பேர் பிடிபடுகிறார்கள், தவறாக வருவது அதே 10. இப்போது 109-இல் 99 உண்மை. ரிப்போர்ட்டில் உள்ள சொல் ஒன்றே. அதன் கனம் வேறு. டிரைசோமி 18, 13 இன்னும் அரிது என்பதால், இளவயதில் அவற்றுக்கு ‘ஹை’ வந்தால் தவறாக இருக்கும் பங்கு இன்னும் கூடும். டாக்டரிடம் கேளுங்கள்: “என் வயசுக்கும் என் ஸ்கேனுக்கும் இது உண்மையா இருக்க எத்தனை சதவீதம்?” என்டி ஸ்கேனில் கழுத்துப் பின்புற நீர் கூடுதலாக இருந்தால் அந்த எண் ஏறும், ஸ்கேன் சுத்தமாக இருந்தால் இறங்கும்.

படி 4: தவறு எங்கிருந்து வருகிறது

பலருக்கு இது புதிதாக இருக்கும். குழந்தையின் டிஎன்ஏ என்று நாம் சொல்வது உண்மையில் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ. இரண்டும் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தாலும் ஆரம்ப நாட்களிலேயே பிரிந்துவிடுகின்றன. செல் பிரியும்போது நஞ்சுக்கொடிப் பக்கம் மட்டும் கூடுதல் குரோமோசோம் நின்றுவிடலாம். குழந்தை சரியாக இருக்கும். ரத்தத்தில் அம்மாவின் டிஎன்ஏவும் கலந்திருப்பதால், அம்மாவின் குரோமோசோமில் உள்ள மாறுபாடும், அரிதாக அவருக்குத் தெரியாத புற்றுநோயும்கூட எண்ணிக்கையைக் குலைக்கும்.

இந்த முடிவை மட்டும் நம்பிக் கர்ப்பத்தைக் கலைத்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இது ஸ்கிரீனிங்தான், நோய் உறுதி செய்யும் டெஸ்ட் அல்ல என்று எச்சரிக்கை வெளியிட்டது.

படி 5: உறுதி செய்வது

நம் 27 வயது அம்மாவுக்கு இரண்டு வழி. ஒன்று 11 முதல் 14 வாரத்துக்குள் சிவிஎஸ்; இதில் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுப்பார்கள். மற்றது 15 வாரம் முடிந்த பிறகு ஆம்னியோ. பனிக்குட நீரில் உதிர்ந்து கிடக்கும் குழந்தையின் செல்களை எடுப்பார்கள். ஸ்கேன் சுத்தமாக இருந்தால் மூன்று வாரம் பொறுத்து ஆம்னியோ செய்வதே மேல் என்பது என் எண்ணம். சந்தேகமே நஞ்சுக்கொடி மேல் இருக்கும்போது மறுபடி அதையே ஏன் கேட்க வேண்டும்? ஸ்கேனில் ஏற்கெனவே கோளாறு தெரிந்தால் சிவிஎஸ் சீக்கிரம் பதில் தரும். ஊசியால் கரு கலையும் அபாயம் சிறியது, ஆனால் இருக்கிறது. அதை டாக்டரிடம் எண்ணாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவசர முடிவு சில நாளில் வரும். எல்லாக் குரோமோசோம்களையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் முழு கேரியோடைப் வர இரண்டு வாரம் போல ஆகும். என்ஐபிடியை இன்னொரு லேப்பில் மறுபடி எடுத்துப் பார்ப்பது பணத்தையும் வாரத்தையும்தான் தின்னும். அதுவும் அதே நஞ்சுக்கொடியைத்தான் எண்ணும்.

‘லோ சான்ஸ்’ வந்தவர்களுக்கு

அந்த மூன்று டிரைசோமிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. இதயத்தில் ஓட்டை, முதுகுத்தண்டு மூடாமை போன்றவற்றை இந்த டெஸ்ட் பார்ப்பதே இல்லை. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனை விட்டுவிடாதீர்கள்.

ஆம்னியோ நார்மல் என்று வந்தால்

என்ஐபிடி ‘ஹை’, ஆம்னியோ நார்மல் என்றால் லேப் உளறிவிட்டது என்று தாளைக் கிழித்துப் போடாதீர்கள். நஞ்சுக்கொடியில் உண்மையிலேயே கூடுதல் குரோமோசோம் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட நஞ்சுக்கொடி சில சமயம் சரியாக வேலை செய்யாமல் குழந்தையின் வளர்ச்சி குறையும். இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வைத்து, கடைசி மூன்று மாதங்களில் வளர்ச்சி ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.