உயர வரைபட ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து ஏற்றம், இறக்கம் கணக்கிடுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ட்ரெக்கிங் பருவத்திலும் யாராவது, பாதை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கோடாகக் காட்டுகிற உயர வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரு கணக்கையும் அனுப்பி, "சரியா இருக்கா பாருங்கண்ணா" என்பார்கள். பெரும்பாலும் நானும் தொடக்கத்தில் செய்த தவறுகள்தான் அவற்றில் இருக்கும். உச்சியிலிருந்து அடிவாரத்தைக் கழித்தால் மொத்த ஏற்றம் வந்துவிடாது என்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

அளவுகோலை அந்தப் படத்திலிருந்தே எடுங்கள்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிற வழியில் நாம்சே பஜாரிலிருந்து தெங்போச்சே வரையிலான ஒரு நாள் நடையை எடுத்துக்கொள்வோம். நாம்சே சுமார் 3440 மீட்டர், தெங்போச்சே சுமார் 3860 மீட்டர். நடுவில் பாதை முதலில் மேலேறி, கியாங்ஜுமாவைத் தாண்டி, தூத்கோசி ஆற்றங்கரையில் சுமார் 3250 மீட்டரில் இருக்கும் புங்கி தெங்கா வரை இறங்கி, மறுபடி ஏறுகிறது. இடையில் வரும் சின்ன ஏற்ற இறக்கங்களுக்கு மட்டும் உதாரணத்துக்காக முழு எண்களை வைத்துக்கொள்கிறேன்.

படத்தைக் கணினியில் சாதாரண ஓவியச் செயலி ஒன்றில் திறந்தால், சுட்டி நிற்கிற பிக்சலின் வரிசை எண் தெரியும். 3200 மீட்டர் கோடு 420-ஆவது வரிசையிலும் 3800 மீட்டர் கோடு 120-ஆவது வரிசையிலும் இருப்பதாக வைப்போம். 600 மீட்டருக்கு 300 பிக்சல், அதாவது ஒரு பிக்சலுக்கு 2 மீட்டர். வரிசை எண் மேலிருந்து கீழே கூடுவதால் சூத்திரம் இப்படி வரும்:

```
உயரம் = 3200 + (420 − வரிசை) × 2
```

தொடக்கப் புள்ளி 300-ஆவது வரிசையில் இருந்தால் 3440. முடிவு 90-ஆவது வரிசையில் இருந்தால் 3860. இரண்டும் தெரிந்த உயரங்களோடு ஒத்துப்போனால் அளவுகோல் சரி. அப்புறம் கோடு திரும்புகிற ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டு, ஏறியதைத் தனியாகவும் இறங்கியதைத் தனியாகவும் கூட்ட வேண்டும்.

கோட்டின் எந்த விளிம்பு?

எதுவானாலும் சரி, கடைசிவரை அதே விளிம்பு.

வாட்ஸ்அப்பில் வந்த படம்

அளவு மாறியிருக்கும், மூலப் படத்தில் எடுத்த அளவுகோல் அதற்குப் பொருந்தாது.

"கழித்துப் பார்த்தேன், சரியாக வந்தது"

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். ஏற்றத்திலிருந்து இறக்கத்தைக் கழித்தால், முடிவு உயரத்துக்கும் தொடக்க உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். நம் உதாரணத்தில் அது 420. அது வந்துவிட்டால் கணக்கு சரி என்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

ஒரு தம்பி இதே நடைக்கு மூன்று புள்ளிகளை மட்டும் எடுத்திருந்தார்: 3440, 3250, 3860. இறக்கம் 190, ஏற்றம் 610, வித்தியாசம் 420. "டேலி ஆயிடுச்சுண்ணா" என்று எழுதியிருந்தார். கியாங்ஜுமா பக்கத்து மேட்டை 3580 என்று சேர்த்துப் பாருங்கள். ஏற்றம் 140-உம் 610-உம் சேர்ந்து 750, இறக்கம் 330. வித்தியாசம் மறுபடி 420. வழியில் இருக்கிற சின்னச் சின்னத் திருப்பங்களையும் சேர்த்தால் வரிசை இப்படி ஆகும்: 3440, 3500, 3470, 3580, 3520, 3560, 3250, 3860. இப்போது ஏற்றம் 820, இறக்கம் 400. இதிலும் 420-தான்.

ஒரு மேட்டை விட்டுவிட்டால், அதில் ஏறியதும் இறங்கியதும் ஒரே அளவில் இரண்டு கூட்டலிலிருந்தும் போய்விடுகின்றன. இல்லாத மேட்டைச் சேர்த்தாலும் அதே கதை. நடுவில் எந்தப் புள்ளியை எடுத்தாலும், எந்தப் புள்ளியை விட்டாலும் வித்தியாசம் அசையாது. கூட்டலில் கை தவறியிருந்தால் இந்தச் சோதனை பிடிக்கும். விடுபட்ட மேட்டை ஒருநாளும் பிடிக்காது.

அந்தத் தம்பியின் குழு போகும்போது சமாளித்துவிட்டது. திரும்பும் நாளில்தான் அடி விழுந்தது. தெங்போச்சேயிலிருந்து நாம்சே வருவதை இறங்கும் நாள் என்று நினைத்து, அன்றே நாம்சேயைத் தாண்டிக் கீழே போய்விடலாம் என்று திட்டமிட்டிருந்தார்கள். திரும்பும் வழியில் அந்த 190 மீட்டர் இறக்கம் 190 மீட்டர் ஏற்றமாகத் தாளில் இருந்தது. கால் ஏறியதோ 400 மீட்டருக்குப் பக்கம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்குப்படி 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். விடுபட்ட 210 மீட்டருக்கு இருபது நிமிடம்தானே என்று தோன்றும். அந்தக் கணக்கு தாழ்வான மலைகளுக்குச் சொன்னது. 3500 மீட்டர் உயரத்தில், பல நாள் நடந்த கால்களுக்கு அது பொருந்தாது. குழுவில் மூட்டு வலியோடு வந்த ஒரு அக்கா புங்கி தெங்காவுக்கு மேலே இருபது அடிக்கு ஒரு தடவை நின்றிருக்கிறார். நாம்சே வரும்போதே இருட்டிவிட்டது, மிச்சத் திட்டம் முழுவதும் ஒரு நாள் தள்ளிப்போனது.

அந்தத் தம்பி மூன்று புள்ளிகளோடு நின்றதற்குக் காரணம் அவர் எடுத்த படம். லுக்லாவிலிருந்து அடிவார முகாம் வரை முழு வழியும் ஒரே போன் திரையில் இருந்தது. செங்குத்தாக ஒரு பிக்சலுக்குக் கிட்டத்தட்ட 11 மீட்டர். கோட்டின் தடிமனே மூன்று நான்கு பிக்சல். ஒவ்வொரு திருப்பத்தையும் குறிக்கையில் இரண்டு பிக்சல் பிசகினாலும், ஒரு ஏற்றத்தின் இரு முனையிலும் சேர்த்து 44 மீட்டர் போய்விடும். அந்தப் படத்தில் 50 மீட்டருக்குக் குறைந்த திருப்பத்தை நம்பவே முடியாது. 140 மீட்டர் மேடுகூடச் சின்ன வீக்கமாகத்தான் தெரியும்.

விடுபட்டதைக் கண்டுபிடிக்க நான் செய்வது இது. உயர வரைபடத்தைக் காட்டுகிற செயலியிலேயே வழியை இரண்டு மூன்று துண்டாகப் பெரிதாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாக அளவுகோல் போட்டு, மறுபடி கூட்டுவேன். துண்டுகளின் கூட்டு முழுப் படத்தின் கூட்டைவிட நன்றாகவே அதிகம் வந்தால், முழுப் படம் மேடுகளை விழுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு நெளிவையும் கூட்டுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. பெரிதாக்கிய படத்தில் கோடு ரம்பப் பல்லாகத் தெரியும். பல செயலிகளின் உயரம் செயற்கைக்கோள் தரவிலிருந்து வருகிறது. அதில் ஒரு கட்டம் 30 மீட்டர் அகலம் இருக்கும். நாம்சேக்கு அப்பால் பாதை செங்குத்தான மலைச்சரிவின் பக்கவாட்டில் போகிறது. அங்கே வரைந்த வழி 30 மீட்டர் பக்கத்தில் நழுவினால், 40 பாகைச் சரிவில் 25 மீட்டர் உயரம் மாறிவிடும். நடப்பவர் காலுக்குத் தெரியாத ஏற்றம் அது. சந்தேகமான திருப்பம் வருகிற இடத்தை நிலவரைபடத்தில் பார்ப்பேன். அங்கே ஓடை குறுக்கிட்டால் பள்ளம் உண்மையாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் கூராக ஒரு பல் மட்டும் இருந்தால் விட்டுவிடுவேன்.

தொங்கு பாலம்

நாம்சேக்குக் கீழே தூத்கோசிக்கு மேல் உயரத்தில் பாலம் இருக்கிறது. உயரத் தரவுக்குப் பாலம் தெரியாது, ஆற்றின் அடிதான் தெரியும். படத்தில் குறுகலான ஒரு வி பள்ளம் விழும். அதைக் கூட்டாதீர்கள்.

ஒற்றை எண்ணாகச் சொல்வது

ஒரு பிக்சலுக்கு 2 மீட்டர் உள்ள நல்ல படத்திலும் ஒரு ஏற்றத்தில் 8 மீட்டர் பிசகலாம். அதனால் 20 மீட்டருக்குக் குறைந்த திருப்பங்களை நான் எடுப்பதில்லை. பிறகு 50 மீட்டரை எல்லையாக வைத்து இன்னொரு தடவை கூட்டுவேன். நம் உதாரணத்தில் 20 வைத்தால் 820, 50 வைத்தால் 750. இரண்டையும் எழுதி, எந்த எல்லை என்பதையும் பக்கத்திலேயே குறித்துத்தான் குழுவுக்கு அனுப்புகிறேன். நேரத்தைத் திட்டமிடும்போது 820-ஐ எடுத்துக்கொள்ளச் சொல்வேன், திரும்பும் நாளுக்கு 400.