நீண்ட பயணத்தில் முகம் வாடாமல் இருக்க ஒரு சின்னப் பை

விமானத்தில் ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்தால் முகம் இழுத்துப் பிடிப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் காற்றுதான், அதில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். இதற்காகப் பலர் ரோஸ் வாட்டரை மட்டும் அடித்துக்கொண்டே இருப்பார்கள், அது ஆவியாகிப் போனதும் வறட்சி அப்படியேதான் இருக்கும். முகத்தை லேசாக நனைத்து, கைக்குட்டையால் ஒற்றி, ஈரம் காயும் முன்பே பட்டாணி அளவு மாய்ச்சரைசர் தடவுங்கள், அந்தக் க்ரீம்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உதட்டுக்கு வாசலின் போதும்.

ரயில் கதை வேறு. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஸ்லீப்பரில் போனால் ஜன்னல் வழியே புழுதியும் வியர்வையும் சேர்ந்து படியும். அதை வெட் டிஷ்யூவால் அழுத்தித் தேய்த்தால் மண் துகள் தோலை உரசி எரிச்சல்தான் வரும். முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் ஃபேஸ் வாஷ் போடுங்கள். காலையிலும் இரவிலும் மட்டும் போட்டால் போதும், நடுவில் வெறும் தண்ணீர்தான். வியர்வை மேல் பவுடர் வேண்டவே வேண்டாம், திட்டுத் திட்டாகிவிடும்.

பையில் 30 மில்லி குப்பிகளில் ஃபேஸ் வாஷ், மாய்ச்சரைசர், அப்புறம் வாசலின், மெல்லிய பருத்தித் துண்டு, பகல் பயணமென்றால் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். சர்வதேச விமானத்தில் கைப்பையில் வைக்கும் குப்பி பொதுவாக 100 மில்லியைத் தாண்டக் கூடாது, பாதி காலியான பெரிய குப்பியையும் எடுத்துவிடுவார்கள்.