இரண்டாம் பெட்டியில் எத்தனை ஜோடி இருக்க வேண்டும்? டூ-பின், மின்-மேக்ஸில் நடக்கும் தவறுகள்

ராத்திரி பதினொரு மணிக்கு, கிழங்கு அரைக்கும் ராஸ்பர் மெஷினில் வீ-பெல்ட் அறுந்தது. முற்றத்தில் மூன்று லாரி குச்சிக்கிழங்கு கொட்டிக் கிடக்கிறது. ஃபிட்டர் ஸ்டோருக்கு ஓடி வந்து, "அண்ணா, சி-105 நாலு எடுங்க" என்றார். ரேக்கில் மூன்றுதான் இருந்தது. இருப்பு எழுதும் பின் கார்டில் "மின் 3", அதாவது குறைந்தது மூன்று இருக்க வேண்டும் என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன், அதன்படி பார்த்தால் ஸ்டாக் சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் புல்லியில் நான்கு பள்ளம், நான்கு பெல்ட்டும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

வேறு வழியில்லாமல் மூன்று புதியதோடு, இருந்ததில் நல்லதாகப் பார்த்து ஒரு பழையதைப் போட்டு ஓட்டினோம். பழைய பெல்ட் நீண்டு தொளதொளப்பாக இருக்கும், அதனால் அதன் பங்கு சுமையும் புதியவற்றின் மேல் ஏறும். நாலாம் நாள் புதியதில் ஒன்று பிரிந்துவிட்டது, மறுபடியும் நிறுத்தம். பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, வெட்டிப் பார்த்தால் உள்ளே நீலக் கறுப்பாகக் கோடு ஓடியிருக்கும், அந்தக் கிழங்கில் மாவு வெள்ளையாக வராது. சேலம், ஆத்தூர் பக்கம் சேகோ பேக்டரியில் ஸ்டோர் பார்க்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த "3" எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஸ்டோர்களில் மின் இப்படித்தான் வருகிறது. ஒரு சீசனில் ஆறு மாதத்துக்குப் பன்னிரண்டு பெல்ட் செலவு, மாதத்துக்கு இரண்டு. டீலரிடம் சொன்னால் வர பத்து நாள். பத்து நாளைக்கு ஒரு பெல்ட்கூட முழுசாகச் செலவாகாது, சரி, பாதுகாப்புக்கு மூன்று என்று வைத்தேன். கணக்கில் தப்பில்லை. ஆனால் பெல்ட் மாதம் இரண்டாகச் செலவாவதே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒன்றுமே போகாது, ஒரு நாள் ஒரே மூச்சில் நான்கு போகும். சராசரி என்பது கிளவுஸ், காட்டன் வேஸ்ட், ஹேக்ஸா பிளேடு மாதிரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற சாமானுக்குத்தான் பொருந்தும். செட்டாகப் போகிற சாமானை செட்டாகத்தான் எண்ண வேண்டும்.

இப்போது நான்கு பெல்ட்டையும் ஒரே கம்பெனி, ஒரே பேட்ச் பார்த்து வாங்கி, கயிறு போட்டு ஒரு கட்டாகக் கட்டி மாட்டுகிறோம். எங்களிடம் அதே பெல்ட் போடுகிற ராஸ்பர் இரண்டு இருப்பதால் மின் ஒரு செட், அதிகபட்சமான மேக்ஸ் இரண்டு செட். ஒரு கட்டை அவிழ்த்த அன்றே அடுத்த கட்டுக்கு ஆர்டர் போகும், அது வருகிற வரை இன்னொரு ராஸ்பருக்கும் கையில் ஒரு கட்டு இருக்கும். "ஒண்ணே ஒண்ணு குடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று யார் கேட்டாலும் கட்டை அவிழ்த்துத் தனியாக ஒன்று தருவதில்லை.

அடுத்தது டூ-பின். முறை ரொம்ப எளிது, எளிதாக இருப்பதாலேயே தப்பும் அதிகம் நடக்கிறது. ஒரு சாமானுக்கு இரண்டு பெட்டி. முதல் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டே வர வேண்டும், அது காலியானதும் ஆர்டர் போட்டுவிட்டு இரண்டாம் பெட்டியைத் திறக்க வேண்டும், அது தீர்வதற்குள் புது சரக்கு வந்துவிட வேண்டும். தினமும் எண்ண வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு இஷ்யூவும் போட வேண்டியதில்லை. ஆக, இரண்டாம் பெட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது, ஆர்டர் சொல்லி சரக்கு வரும் வரை ஆகும் நாட்கள்தான். அந்த நாட்களைத்தான் எல்லோரும் தப்பாக எண்ணுகிறோம்.

எங்கள் கிளவுஸ் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சீசனில் ஒரு நாளைக்கு ஆறு ஜோடி போகும். கடைக்காரர், "ஃபோன் பண்ணுங்க, மூணு நாள்ல வந்துரும்" என்பார். மூன்று நாளுக்குப் பதினெட்டு ஜோடி, கொஞ்சம் சேர்த்து இரண்டு டஜன் என்று இரண்டாம் பெட்டியில் வைத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் நாலாம் நாளே பெட்டி காலி, கடைக்காரர் மேல் சண்டை. பிறகு ஒரு முறை, முதல் பெட்டி காலியான நேரத்திலிருந்து புது கிளவுஸ் பெட்டியில் விழும் வரைக்கும் தேதி எழுதிப் பார்த்தேன். எங்களிடம் சாமான் கேட்டு எழுதும் இன்டென்ட் வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை மதியம்தான் ஆபீஸுக்குப் போகும். பெட்டி வெள்ளி சாயங்காலம் காலியானால் அதன் ஆர்டர் கார்டு அடுத்த வெள்ளி வரை, ஏழு நாள், சும்மா தொங்கும். முதலாளி கையெழுத்து திங்கட்கிழமை, அது மூன்று நாள். சரக்கு புதன்கிழமை, இன்னும் இரண்டு நாள். மொத்தம் பன்னிரண்டு நாள். கடைக்காரர் கையில் இருந்தது அதில் இரண்டு நாள்தான், மீதி பத்தும் எங்கள் கேட்டுக்கு உள்ளேயே போயிருக்கிறது.

பன்னிரண்டு நாளுக்கு ஆறு ஜோடி வீதம் எழுபத்திரண்டு, அதாவது ஆறு டஜன். ஒரு நாள் கூடுதல் ஆள் வரும், ஒரு நாள் கடை மூடியிருக்கும், அதற்கு ஒரு டஜன். ஏழு டஜன் வைத்த பிறகு தட்டுப்பாடு வரவில்லை. கையில் இவ்வளவு சரக்கு வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இன்டென்ட்டை செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு முறை அனுப்பி, கையெழுத்தும் திங்கள் வரை காத்திராமல் மூன்று நாளில் வாங்கினால் கார்டு காத்திருக்கும் நேரம் அதிகபட்சம் ஏழு நாளிலிருந்து நான்காகக் குறையும், மூன்று நாள் மிச்சம், ஒன்றரை டஜன் குறைவாக வைத்தால் போதும். பொங்கலுக்கும், ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் டவுனில் கடைகள் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, அந்த வாரங்களில் சீசன் ஓடினாலும் ரிப்பேர் வேலை ஓடினாலும் நாட்களைக் கூட்டிப் போடுங்கள்.

பெட்டியின் அளவைப் பார்த்து அது கொள்கிற வரை நிரப்பி வைப்பதும் இதே தப்புதான். நீலப் பிளாஸ்டிக் டிரேயில் முந்நூறு நட் கொள்கிறது என்பதற்காக ரிசர்வ் முந்நூறு ஆகிவிடாது. செலவைக் கணக்கிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள், அப்புறம் அதற்கேற்ற பெட்டி தேடுங்கள்.

இன்னொரு தப்பு சரக்கு வரும் நாளில் நடக்கும், கண்ணுக்கே தெரியாது. ஆர்டர் போட்ட பிறகு இரண்டாம் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம் இல்லையா, அதில் இப்போது ஏழு டஜன் இல்லை, இரண்டோ மூன்றோதான் இருக்கும். புதுப் பத்து டஜன் வந்ததும் ஹெல்பர் மொத்தத்தையும் முன்னால் இருக்கிற முதல் பெட்டியில் கொட்டிவிட்டுப் போய்விடுவார். பார்க்க நிறைவாக இருக்கும். அடுத்த முறை முதல் பெட்டி காலியாகும்போது பின்னால் இரண்டு டஜன்தான் மிஞ்சியிருக்கும், பழைய கதை திரும்பவும் ஆரம்பிக்கும். சரக்கு வந்தால் முதலில் இரண்டாம் பெட்டியை அதன் எண்ணிக்கைக்கு நிரப்ப வேண்டும், மீதிதான் முதல் பெட்டிக்கு. ஆயில் சீல், ஓ-ரிங் போன்ற ரப்பர் சாமானுக்கு மட்டும் பழையதை முன்னே தள்ளிவிட்டுப் புதியதைப் பின்னே வையுங்கள், இல்லாவிட்டால் ரிசர்வில் இருப்பது வருஷக்கணக்கில் கிடந்து விறைத்துப் போகும்.

நைட் ஷிஃப்டில் இரண்டாம் பெட்டியில் கை வைத்துவிட்டு யாரும் சொல்லாமல் போவது எல்லா இடத்திலும் இருக்கிறது. போர்டு எழுதி வைத்துப் பார்த்தேன், பலன் இல்லை. இப்போது இரண்டாம் பெட்டியின் சரக்கை ஒரு பாலிதீன் பையில் போட்டு, வாயைச் சுருட்டி, ஆர்டர் கார்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிடுகிறோம். கார்டில் சாமான் பெயர், சைஸ், வாங்க வேண்டிய எண்ணிக்கை, கடை எல்லாம் இருக்கும். பையைக் கிழிக்காமல் எடுக்க முடியாது, கிழித்தால் கார்டு கையோடு வரும், ஸ்டோர் ஜன்னலில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதில் போட்டால் போதும். காலையில் வந்ததும் நான் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான். கார்டு யாராவது சட்டைப்பையில் தங்கிப்போனாலும் கிழிந்த பை காட்டிக்கொடுத்துவிடும்.

மின்-மேக்ஸை எக்ஸெல்லில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 6309 பேரிங்குக்கு மின் 4, மேக்ஸ் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் 4-க்கு வந்தது, ஆறு ஆர்டர் போட்டாயிற்று. அது வருவதற்குள் ஒன்று இஷ்யூ ஆகி ஸ்டாக் 3. அடுத்த வெள்ளி ஷீட்டைத் திறந்தால் ஸ்டாக் மின்னுக்குக் கீழே என்று சிவப்பாகக் காட்டும், பத்துக்கு ஏழு குறைகிறது என்று இன்னொரு ஏழு ஆர்டர் போய்விடும். இரண்டும் வந்து சேர்ந்தால் பதினாறு பேரிங். கையில் இருப்பதை மட்டும் பார்த்து, வழியில் வருவதைச் சேர்க்காமல் விட்டதுதான் காரணம். சி நெடுவரிசையில் ஸ்டாக், டி-யில் வர வேண்டிய ஆர்டர், ஈ-யில் மின், எஃப்-இல் மேக்ஸ் என்று வைத்து, ஆர்டர் அளவுக்கு இப்படிப் போடுங்கள்:

```
=IF(C2+D2<=E2,F2-C2-D2,0)
```

சி-யில் 3, டி-யில் 6 என்றால் கூட்டினால் 9, மின்னைவிட அதிகம், ஆர்டர் பூஜ்யம் என்று வரும். டி நெடுவரிசை சரியாக இருந்தால்தான் இது வேலை செய்யும். ஆர்டர் போட்ட அன்றே ஏற்ற வேண்டும், பாதி சரக்கு வந்தால் வந்ததை மட்டும் கழிக்க வேண்டும், கடைக்காரர் "இல்லைங்க, கம்பெனியிலேயே இல்ல" என்று கைவிரித்துவிட்டால் அந்த எண்ணை அழித்துவிட்டு வேறு கடையில் போட வேண்டும். அழிக்காமல் விட்டால், வராத சரக்கை நம்பி ஷீட் மாதக்கணக்கில் பேசாமல் இருக்கும். இருபது நாளுக்கு மேல் டி-யில் நிற்கிற எதையும் நான் ஃபோன் போட்டுக் கேட்டுவிடுவேன்.

கடைசியாக, ஒரு தரம் போட்ட எண்ணை வருஷம் முழுக்க அப்படியே விடுவது. எங்கள் தொழிலில் புரட்டாசி, ஐப்பசியில் கிழங்கு வரத்து சூடுபிடித்து பங்குனி வாக்கில் அடங்கும். சீசன் எண்ணையே சித்திரைக்கும் வைத்திருந்தால், மாசியில் போட்ட ஆர்டர் வந்து இறங்கி, மெஷின் நின்ற பிறகு ரேக்கில் படுத்திருக்கும். தை முடிந்ததும் நான் கிளவுஸ், ஃபில்டர் துணி போன்றவற்றின் கார்டுகளை எடுத்து வாங்கும் அளவைப் பாதியாக்குவேன், இரண்டாம் பெட்டியைத் தொடமாட்டேன். மாசி கடைசியில் அந்தப் பெட்டியையும் குறைத்து, இருப்பதைத் தீர்க்கப் பார்ப்பேன். பெல்ட், பேரிங்கில் மட்டும் மெஷின் நிற்கிற நாள் வரை கை வைப்பதில்லை. ஆவணி பிறந்ததும் பழைய எண்களைத் திரும்ப ஏற்றுகிறோம், போன சீசனில் கார்டு எத்தனை தரம் விழுந்தது என்று பின்பக்கம் தேதி போட்டிருப்பதால் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அதைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.