கணினி ரசீதும் பழைய வாடிக்கையாளர்களும்

கையால் கணக்கெழுதிவந்த கடைக்காரர் ஒருவர் கணினி ரசீதுக்கு மாறியதும், பழைய வாடிக்கையாளர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எது எவ்வளவு என்று நீங்களே சொல்லிவிடுங்கள்” என்றனர். 58 மி.மீ. அகல ரசீதுத் தாளில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 32 ஆங்கில எழுத்துகளே அடங்குவதால், பொருட்பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. ஆகவே அவர் மென்பொருளின் பொருட்பட்டியலில் மக்கள் கேட்டு வாங்கும் பெயரையே தமிழில் சுருக்கமாகப் பதிந்து, எண்ணிக்கையையும் விலையையும் அடுத்த வரிக்கு இறக்கி, மொத்தத்தின்கீழ் பழைய பாக்கியையும் அச்சிட்டார். (தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்தால், ரசீதைப் படமாக அச்சிடும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.) அதன்பின் வாடிக்கையாளர்கள் மனம் மாறியதற்கு அந்தப் பாக்கி வரியே முக்கியக் காரணம் என்பேன், கடன் கணக்கைக் கடையின் நோட்டைப் புரட்டாமலே வீட்டில் சரிபார்க்க முடிந்தது. வெப்ப அச்சு வெயிலில் மங்கிவிடுமாதலால், அந்த ரசீதுகளை நிழலில் வைக்கும்படி அவர் சொல்லி அனுப்புகிறார்.