நாணய மாற்று ரசீதில் உண்மையான கழிவு எவ்வளவு?

“கமிஷன் இல்லை” என்ற பலகையை நம்பிவிடாதீர்கள். கவுன்ட்டரின் லாபம் பெரும்பாலும் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

சென்னையில் 500 சிங்கப்பூர் டாலர் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரசீதில் விலை 68 ரூபாய், ஆக 34,000. சேவைக் கட்டணம் 200, ஜிஎஸ்டி 97.20. மொத்தம் 34,297.20.

இந்த மொத்தத்தை 500ஆல் வகுத்தால் ஒரு டாலருக்கு நீங்கள் உண்மையில் கொடுத்தது 68.59 ரூபாய். ரசீதில் அச்சான நேரத்தில் இணையம் காட்டிய நடுச்சந்தை விலை, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள விலை, 65 என்றால், 3.59 ரூபாய் கூடுதல். அதை 65ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: 5.5 சதவீதம். விலையை மட்டும் பார்த்தவருக்கு 4.6 என்றுதான் தெரிந்திருக்கும்.

வரி அரசுக்குப் போகிறது. எனவே கடையின் பங்கை அறிய 97.20ஐக் கழித்துவிடுங்கள். லட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாயை) சேவையின் மதிப்பாகக் கொண்டு அதன்மீது 18 சதவீத வரி. இங்கே 61.20, மீதி 36 சேவைக் கட்டணத்துக்கான வரி. வரி இதைவிட மிகுந்திருந்தால் கவுன்ட்டரை விட்டு நகராமல் விளக்கம் கேளுங்கள்.

சிறு தொகை மாற்றும்போது அந்த 200 ரூபாய்தான் கடிக்கும்: 50 டாலருக்கு அதுவே 6 சதவீதம்.